போன் சத்தம் நேராகக் காது மிஷினுக்கு வர: குன்னூர் மேஜையில் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் காது கேட்கும் கருவி பொருத்தும் ஒரு சிறிய மையத்தில் வேலை செய்கிறேன். கோத்தகிரி, அரவங்காடு, மஞ்சூர் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வந்து, ஒரே ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கூடியவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன். கருவியை நான் மிஷின் என்றே சொல்கிறேன், எங்கள் பக்கம் அப்படித்தான் பேச்சு.

"கம்பெனி ஆப்பில் இரண்டு காதும் சேர்ந்திருப்பதாகக் காட்டுகிறது. ஆப்பில் வால்யூம் ஏற்றினால் ஏறுகிறது. ஆனால் பாட்டும் வரவில்லை, போன் பேச்சும் வரவில்லை. மிஷின் பழுதா?"

பெரும்பாலும் பழுது இல்லை. போனுக்கும் மிஷினுக்கும் நடுவில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று கட்டளை போகும் வழி: வால்யூம், புரோகிராம் மாற்றம், பேட்டரி எவ்வளவு என்ற தகவல். இதற்கு மிகக் கொஞ்சம் தரவு போதும், ஆப் இதைத்தான் பயன்படுத்துகிறது. இன்னொன்று சத்தம் போகும் வழி. அதை ஆப் திறப்பதில்லை, போனின் இயங்குதளம்தான் திறக்க வேண்டும்.

அதனால் ஆப்பில் வரும் பச்சைக் குறியை நம்பி, எல்லாம் சரி என்று முடிவு செய்யாதீர்கள். மிஷினை ஆப்புக்குள்ளிருந்து மட்டும் சேர்த்திருந்தால் கட்டளை வழி மட்டுமே திறந்திருக்கலாம். சில மாடல்களில் புளூடூத் பட்டியலில் ஒரே மிஷின் இரண்டு பெயரில் நிற்கும். ஒன்று ஆப்புக்கு, இன்னொன்று சத்தத்துக்கு. முதலாவது மட்டும் சேர்ந்திருந்தால் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது ஆப் இல்லை. போனின் Settings-க்குள் Accessibility பக்கம்.

"என் மிஷின் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அட்டைப்பெட்டியில் ஏதேதோ எழுதியிருக்கிறதே."

சத்தம் போகும் வழி எது என்று மட்டும் பெட்டியில் தேடினால் போதும்.

Made for iPhone என்று இருந்தால் அது ஆப்பிள் போனுக்கென்று செய்த வழி. ASHA என்று இருந்தால் ஆண்ட்ராய்டுக்கானது. கூகுள் 2018-இல் இதை அறிவித்தது, ஆண்ட்ராய்டு 10 முதல் போன்களில் வரத் தொடங்கியது. ஆனால் ஆண்ட்ராய்டு 10 இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். போன் கம்பெனி அதை அந்த மாடலில் சேர்த்திருக்கவும் வேண்டும். ஒரே மிஷினில் இந்த இரண்டுமே இருப்பது சாதாரணம்.

மூன்றாவது, சாதாரண புளூடூத். ஹெட்செட் மாதிரியே எந்தப் போனோடும், பட்டன் போனோடும்கூடச் சேரும். நான்காவது LE Audio, இப்போது வருகிற புதிய வழி. மிஷினிலும் இருக்க வேண்டும், போனிலும் இருக்க வேண்டும்.

பெட்டி தொலைந்துவிட்டதா? மிஷினின் உள்பக்கத்திலோ பேட்டரிக் கதவிலோ மாடல் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் பெயரையும் உங்கள் போன் மாடலையும் சேர்த்து, மிஷின் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் பொருத்தப் பட்டியலில் தேடுங்கள். பட்டியலில் உங்கள் போன் இல்லை என்றால் எந்தச் செட்டிங்கை மாற்றியும் பயன் இருக்காது. அதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஒரு மாலைப் பொழுது மிஞ்சும்.

"ஐபோனில் எங்கே போய்ச் சேர்ப்பது? புளூடூத் பக்கத்தில் மிஷின் பெயரே வருவதில்லை."

Made for iPhone மிஷின் என்றால் தேட வேண்டிய இடம் வேறு. புளூடூத்தை ஆன் செய்துவிட்டு Settings → Accessibility → Hearing Devices பக்கத்தைத் திறந்து வையுங்கள். அப்புறம் மிஷினை அணைத்துப் போடுங்கள். பேட்டரி மாற்றும் வகை என்றால் இரண்டு கதவையும் திறந்து மூடுங்கள். சார்ஜ் செய்யும் வகை என்றால் சார்ஜரில் வைத்து எடுங்கள். அணைத்துப் போடுவது எதற்கு என்றால், பெரும்பாலான மிஷின்கள் உயிர்பெற்ற முதல் மூன்று நிமிடம் போலத்தான் புதிய போனைச் சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொள்ளும்.

பெயர் வந்ததும் தொடுங்கள். Pair என்று கேட்கும், அழுத்துங்கள். இங்கேதான் பலர் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வலது, இடது என்று ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகக் கேட்கும். இரண்டாவது கேள்வி கொஞ்சம் தாமதித்து வரும், ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதையும் அழுத்திய பிறகே வேலை முடிகிறது. ஒரு காதில் மட்டும் பாட்டு கேட்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அதே பக்கத்தில் கீழே Audio Routing இருக்கும். உள்ளே Call Audio, Media Audio என்று இரண்டு. முன்பு யாராவது Never Hearing Devices என்று மாற்றியிருந்தால் மிஷின் எவ்வளவு நன்றாகச் சேர்ந்திருந்தாலும் சத்தம் போனிலேயே நின்றுவிடும். அங்கே Always Hearing Devices என்று வைத்து ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

"ஆண்ட்ராய்டில்?"

Settings → Accessibility → Hearing devices. பழைய பதிப்புகளில் Hearing aids என்று இருக்கும். சாம்சங்கில் Hearing enhancements-க்குள் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் Settings-இன் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் hearing என்று தட்டச்சு செய்தால் போதும். ஒரு காதைச் சேர்த்ததும் அடுத்த காதையும் சேர்க்கவா என்று கேட்கும். சேர்த்துவிடுங்கள்.

சாதாரண புளூடூத் மிஷின் என்றால் இந்தப் பக்கம் தேவையில்லை, புளூடூத் பட்டியலிலேயே சேர்க்கலாம். சேர்த்த பிறகு பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டால் Phone calls, Media audio என்று இரண்டு சுவிட்சுகள் தெரியும். அழைப்பு வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் இரண்டாவது அணைந்திருக்கிறது. பாட்டு வருகிறது, அழைப்பு வரவில்லை என்றால் முதலாவது.

"அப்பாவுக்கு நாங்கள் பேசுவது மணி மாதிரிக் கேட்கிறதாம். அவர் பேசுவதுதான் எங்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. மிஷினில் மைக் கெட்டுவிட்டதா?"

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். மிஷின் நல்லதாக இருந்தும் வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு காதிலும் மிஷின், ASHA வகை. ஆண்ட்ராய்டு போன் திருப்பூரிலிருந்து மகன் வாங்கி அனுப்பியது. மகன் பேசினால் அவருக்குத் தெளிவாகக் கேட்கும். இவர் பேசினால் மகன் "சத்தமாப் பேசுங்கப்பா, சத்தமாப் பேசுங்கப்பா" என்று கத்துவார். இரண்டு பேருக்கும் அலுத்துப்போய், வாரம் ஒரு அழைப்பு மாதம் ஒன்றாகிவிட்டது. அவர் அதைச் சொன்னபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

முதலில் என் போனுக்கு அழைக்கச் சொன்னேன், நான் வெளியே வராந்தாவில் நின்றேன். அவர் பேசியது சன்னமாகத்தான் வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் போன் ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் இருக்கிறது. காதில்தான் எல்லாம் வருகிறதே, போனைக் கையில் எடுப்பானேன் என்று நினைத்திருக்கிறார். நியாயமான நினைப்புதான்.

ஆனால் ASHA ஒருவழிப் பாதை. சத்தம் போனிலிருந்து மிஷினுக்கு வரும், மிஷினிலிருந்து போனுக்குத் திரும்பிப் போகாது. மிஷினில் மைக் இருக்கிறது, ஆனால் அது சுற்றிலும் இருக்கும் சத்தத்தை அவருடைய காதுக்குக் கொடுப்பதற்காக. அழைப்பில் அவர் குரலை எடுப்பது போனின் அடியில் இருக்கும் மைக்தான். அது இரண்டு அடுக்குக் கம்பளிக்குள் இருந்தால் மகனுக்குக் கிணற்றுக் குரல்தான் கேட்கும்.

போனைக் கையில் எடுத்து, அடிப்பக்கம் வாயைப் பார்க்க, ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். குரல் உடனே தெளிந்தது. வீட்டில் நீங்களே உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. அழைப்பில் இருக்கும்போது போனின் அடியில் இருக்கும் சிறு துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிவிட்டுப் பேசுங்கள். எதிர்முனையில் குரல் மங்கினால் போன் மைக்தான் வேலை செய்கிறது. மங்கவில்லை என்றால் மிஷின் மைக் உங்கள் குரலை எடுக்கிறது.

ஐபோனோடு சேரும் பழைய மிஷின்களும் இப்படி ஒருவழியே. ஐபோன் 11-க்கும் அதன் பிறகு வந்தவற்றுக்கும் சில புதிய மிஷின்கள் இரண்டு பக்கமும் சத்தம் அனுப்பும். சாதாரண புளூடூத் வகையில் குரலை மிஷினே எடுக்கும், போன் மேஜையில் கிடந்தாலும் பரவாயில்லை. அதற்கு ஒரு குறை: காற்று அடிக்கும் இடத்தில் நின்று பேசினால் அந்தக் காற்றும் எதிர்முனைக்குப் போகும். நம் மேடுகளில் ஜூன், ஜூலையில் வெளியே நின்று பேசிப் பாருங்கள், தெரியும்.

அந்தப் பெரியவர் கதை அதோடு முடியவில்லை. நாலு நாள் கழித்து, சில நேரம் அழைப்பு மிஷினுக்கே வருவதில்லை என்று பேத்தி போன் செய்தாள். எப்போது என்று கேட்டேன். சாயங்காலம் மட்டும் என்றாள். அவள் கல்லூரியிலிருந்து வருவதும் சாயங்காலம்தான். மிஷின் வாங்கிய புதிதில் சோதித்துப் பார்க்க அவள் போனில்தான் முதலில் சேர்த்திருக்கிறார்கள். அதை யாரும் எடுக்கவில்லை. அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் மிஷின் அந்தப் போனைப் பிடித்துக்கொள்கிறது. அவள் போனில் அந்தப் பெயரைத் தொட்டு Forget கொடுக்கச் சொன்னேன். தாத்தா போனிலும் இரண்டு காதையும் Forget செய்து, போனை ஒரு தடவை அணைத்துப் போட்டு, மிஷின் கதவைத் திறந்து மூடி, Accessibility பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்க்கச் சொன்னேன். வலது, பிறகு இடது. முதலில் ஒரு பாட்டைப் போட்டு இரண்டு காதிலும் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பக்கத்து அறையிலிருந்து அழைத்துப் பார்த்தார்கள். இப்போது மகன் வாரம் இரண்டு தடவை பேசுகிறார்.

"மாமியார் மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போனால், அவர் போனை எடுத்துப் பேசுகிற எங்களுக்கு ஒன்றுமே கேட்பதில்லை."

கழற்றிய மிஷின் இன்னும் உயிரோடு இருக்கிறது. அழைப்பின் சத்தம் முழுக்க அலமாரியில் கிடக்கும் மிஷினுக்குள் போகிறது. கழற்றியதும் பேட்டரிக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், சார்ஜ் வகை என்றால் சார்ஜரில் வைக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு, அழைப்புத் திரையில் ஸ்பீக்கர் குறியைத் தொட்டால் எதில் கேட்பது என்று பட்டியல் வரும், அதில் போனைத் தேர்ந்தெடுங்கள்.

மணி அடிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஐபோனில் Hearing Devices பக்கத்தில் Play Ringtones என்று ஒரு சுவிட்ச் உண்டு. அழைப்பு மணி மிஷினிலும் கேட்க வேண்டுமா என்பதை அது தீர்மானிக்கும். காதுக்குள் திடீரென்று மணி அடித்துத் திடுக்கிடுகிறவர்களுக்கு நான் அதை அணைத்துவிடுவேன்.

"ஊட்டிக்குக் குடிவந்த பிறகு பாட்டு அடிக்கடி விட்டு விட்டு வருகிறது. கோயம்புத்தூரில் இருந்தபோது இப்படி இல்லை. குளிரினாலா?"

குளிருக்கும் பங்கு உண்டு, உயரத்துக்கும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் போனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். புளூடூத் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ், உடம்பில் இருக்கும் நீர் அதை விழுங்கிவிடும். பேண்ட்டின் வலது பின்பையில் போன் இருந்தால் இடது காதுக்குப் போக வேண்டிய அலை உங்கள் உடம்பைத் தாண்ட வேண்டும். ஒரு காது மட்டும் விட்டு விட்டு வந்தால் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான். போனை மார்புப் பையில் மாற்றி வைத்துப் பார்த்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு காதும் சேர்ந்து விட்டு விட்டு வந்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். பட்டன் போல இருக்கும் பேட்டரிகள் துத்தநாக-காற்று வகை. வெளிக்காற்றின் ஆக்ஸிஜனை உள்ளே இழுத்துத்தான் மின்சாரம் தருகின்றன. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருப்பதைவிட இங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஆக்ஸிஜன் நாலில் ஒரு பங்கு போலக் குறைவு. பேட்டரிக்கும் அதே கதி. குளிரும் மின்னழுத்தத்தை இன்னும் இறக்கும். சாதாரணமாகக் கேட்பதற்கு மிஷினுக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும், போனிலிருந்து சத்தம் வாங்கும்போது தேவை ஏறிவிடும். அதனால் பேச்சு நன்றாகக் கேட்கும், பாட்டு மட்டும் அறுந்து போகும். பேட்டரி இறங்கும்போது பல மிஷின்கள் ஸ்ட்ரீமிங்கைத்தான் முதலில் நிறுத்துகின்றன.

புதிய பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே உள்ளே போட்டு மூடிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் மேஜையில் காற்றுப்பட விடுங்கள். குளிர்காலக் காலையில் அந்தப் பேட்டரியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுவதும் நல்லது. பழையதைப் புதியதாக மாற்றியதும் பாட்டு சீராகிவிட்டால் செட்டிங் எதையும் தொட வேண்டாம்.

மழை மாதங்களில் ஈரம் வேறு. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். அடுப்புத் திண்ணையிலோ ஹீட்டர் முன்னாலோ காய வைக்காதீர்கள். அப்படி உருகிய மிஷினை நான் பார்த்திருக்கிறேன்.

"எனக்கு ஒரு காதில் மட்டும்தான் மிஷின். பாட்டில் பாதி வாத்தியம் காணாமல் போகிறது."

ஸ்டீரியோ பாட்டில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருப்பார்கள். உங்களுக்கு அதில் ஒன்று மட்டுமே வருகிறது. Accessibility-க்குள் Mono audio என்ற சுவிட்சைப் போடுங்கள். ஐபோனில் அது Audio & Visual பக்கத்தில் இருக்கும். பக்கத்திலேயே இடது-வலது சமநிலைக் கோடும் இருக்கும். அது நடுவில்தான் நிற்கிறதா என்று பாருங்கள், கைபட்டு ஓரத்துக்குப் போயிருந்தால் ஒரு காது அடங்கிவிடும். இரண்டு காதிலும் மிஷின் போட்டவர்களும் ஒரு பக்கம் சத்தம் குறைகிறது என்றால் இந்தக் கோட்டை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

"என் மிஷினில் புளூடூத்தே இல்லை. புதிதாக வாங்க வசதியும் இல்லை. வழி உண்டா?"

மிஷினில் T என்ற புரோகிராம் இருக்கிறதா என்று பொருத்தியவரிடம் கேளுங்கள். உள்ளே ஒரு சிறு செம்புச் சுருள் இருக்கும், டெலிகாயில் என்பார்கள். பல மிஷின்களில் சுருள் இருக்கும், ஆனால் புரோகிராமைத் திறந்துவிட்டிருக்க மாட்டார்கள். கணினியில் மாட்டித் திறந்துவிடலாம். அப்புறம் கழுத்தில் மாலை போல மாட்டும் லூப் ஒன்று வேண்டும். அதைப் போனின் ஹெட்போன் துளையில் செருகினால் காந்தப் புலம் வழியாகச் சத்தம் மிஷினுக்கு வரும். சேர்ப்பது, மறப்பது என்ற தொல்லையே இல்லை. T-க்கு மாற்றினால் கேட்கும், மாற்றாவிட்டால் கேட்காது, அவ்வளவுதான். மின்விளக்கு, மோட்டார் பக்கத்தில் நின்றால் ஒரு ரீங்காரம் வரும், இரண்டடி தள்ளி நின்றால் குறையும்.

"மகள் புதுப் போன் வாங்கித் தருகிறாள். கடையில் என்ன கேட்க வேண்டும்?"

கடைக்காரரிடம் "புளூடூத் இருக்கிறதா" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார், எல்லாப் போனிலும் இருக்கிறது. அதனால் மிஷினைக் காதில் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். போனை வாங்குவதற்கு முன்னால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டு, ஓர் அழைப்பு. பாட்டு இரண்டு காதிலும் வர வேண்டும். அழைப்பை உங்கள் சிம்மைப் போட்டு மகளுக்கே செய்யுங்கள், அவளைத் தெருவில் நிற்கச் சொல்லுங்கள். உங்கள் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். LE Audio என்று விளம்பரத்தில் இருந்தாலும் இதே சோதனைதான்.

சரியாக வந்தால் வாங்குங்கள். திரும்பும்போது கடைப் போனில் மிஷினை Forget செய்துவிட்டு வர மறக்காதீர்கள்.